சிபாரிசு வேண்டாம், சாட்சி போதும்

"சிபாரிசு" என்ற சொல்லைக் கேட்டதும் என்ன ஞாபகம் வருகிறது? எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் இரண்டு வரி, கீழே பச்சை மையில் கையெழுத்து. தகுதி இல்லாதவனுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதற்குப் பெயர்தான் இங்கே சிபாரிசு. அதனால்தானோ என்னவோ, பழைய மேனேஜரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும் என்றாலே நம் பிள்ளைகளுக்குக் கை கூசுகிறது. கூச்சத்தை மறைக்கப் பணிவைக் கொட்டுகிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மாணவியின் கதையைப் பார்க்கலாம். பி.காம் முடித்துவிட்டு ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு மாதம் ஜிஎஸ்டி வேலை பார்த்தவர். பிறகு இங்கிலாந்தில் கணக்கியல் எம்.எஸ்சி. படிக்க விண்ணப்பம் போடும்போது, வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு கடிதம் தேவைப்பட்டது. அப்போதைய மேனேஜர் இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறார். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் போனது. தமிழில் சொன்னால் இப்படி:

"மதிப்பிற்குரிய சார், நலமாக இருக்கிறீர்களா? நான் உங்களிடம் முன்பு வேலை பார்த்தவள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். தாங்கள் ஒரு நல்ல பரிந்துரைக் கடிதம் தந்து உதவ வேண்டும். கொஞ்சம் அவசரம். இந்த உதவியை என்றும் மறக்க மாட்டேன்."

மரியாதையான மெயில்தான். ஆனால் ஒரு வாரமாகப் பதில் இல்லை. "பெரிய இடத்துக்குப் போனதும் மறந்துட்டார்" என்று தோழியிடம் புலம்பல் வேறு!

உண்மையில் அந்த மெயிலுக்குப் பதில் எழுதவே முடியாது. எந்த வருடம் வேலை பார்த்தாள்? என்ன படிப்பு? எத்தனை கடிதம்? பேப்பரில் கையெழுத்தா, இணையத்திலா? "அவசரம்" என்றால் நாளைக்கா, அடுத்த மாதமா? இதையெல்லாம் அவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு, எத்தனையோ பேரை வேலை வாங்கியவர், இந்தப் பெண் என்ன செய்தாள் என்று யோசித்து எடுக்க வேண்டும். போதாக்குறைக்கு மெயில் போன தேதி 18. மாதம் 14-ஆம் தேதி GSTR-2B வரும், பெரும்பாலான மாதாந்திரக் கணக்குகளுக்கு 20-ஆம் தேதிக்குள் GSTR-3B தாக்கல் செய்தாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்த ஆறு நாளில் வரித்துறை வேலை பார்க்கும் மனிதரிடம் எதைக் கேட்டாலும் "அப்புறம் பார்க்கலாம்"தான். அப்புறம் என்பது வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

25-ஆம் தேதி அதே பெண் வேறு மாதிரி எழுதினார். பொருள் வரியிலேயே "பரிந்துரைக் கடிதம், நவம்பர் 30-க்குள், முடியுமா சார்?" என்று இருந்தது. உள்ளே:

"சார், 2022 ஜூலை முதல் 2023 மே வரை உங்கள் குழுவில் ஜிஎஸ்டி பார்த்தவள் நான். ஜவுளிக் கடை கணக்கில் 2பி ஒப்பிட்டது ஞாபகம் இருக்கலாம். இங்கிலாந்தில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு எம்.எஸ்சி. கணக்கியலுக்கு விண்ணப்பிக்கிறேன். ஒரே கடிதம் இரண்டுக்கும் போதும், ஒரு பக்கம். கடைசி நாள் நவம்பர் 30, இன்றிலிருந்து ஐந்து வாரம். சம்மதம் என்றால் உங்கள் அலுவலக மெயில் முகவரியை மட்டும் அனுப்புங்கள், பல்கலைக்கழகமே உங்களுக்கு இணைப்பு அனுப்பும். நீங்கள் நேரில் பார்த்த என் வேலைகள் மூன்றை அரைப் பக்கத்தில் இணைத்திருக்கிறேன். நேரம் இல்லை என்றாலோ, உறுதியாக எழுதும் அளவுக்கு நினைவில்லை என்றாலோ, 'முடியாது' என்று ஒரு வரி போதும் சார். வேறொருவரைக் கேட்க எனக்கு நேரம் இருக்கிறது."

அன்று இரவே பதில் வந்தது. "ஞாபகம் இருக்கும்மா. அந்த பில் விஷயத்தையே எழுதறேன்." கூடவே அலுவலக முகவரி.

என்ன "பில் விஷயம்"? அந்த அரைப் பக்கத்தில் இருந்தது அதுதான். ஜவுளிக் கடையின் கொள்முதல் புத்தகத்தில் இருந்த 37 பில்கள் GSTR-2B-யில் வரவில்லை. 2பி-யில் வராத பில்லுக்கு 2022 முதல் உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்க முடியாது. கடைக்காரரின் கையிலிருந்து பணம் போகும். இந்தப் பெண் சப்ளையர் வாரியாகப் பிரித்துப் பார்த்ததில், பாதிக்கு மேல் ஒரே சப்ளையர். அவர் கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல், பதிவு செய்யாத வாடிக்கையாளருக்கு விற்றதாகக் காட்டியிருந்தார். போன் போட்டுப் பேசி, அடுத்த மாத GSTR-1-இல் திருத்த வைத்தார். 37 என்பது 4 ஆனது.

மூன்றாவது குறிப்பு ஒரு தப்பு. ஒரு கிரெடிட் நோட்டைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டார். தாக்கலுக்கு முன் மேனேஜரே பிடித்தார். அதற்குப் பிறகு இந்தப் பெண் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் போட்டார், குழுவில் மற்றவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். தன் தப்பைத் தானே நினைவுபடுத்துவதா என்று தோன்றும். ஆனால் கடிதத்தைப் படிக்கும் பேராசிரியர் "கடின உழைப்பாளி, நேர்மையானவர், பழக இனியவர்" என்று ஆயிரம் கடிதம் பார்த்தவர். தப்பும் திருத்தமும் உள்ள ஒரு பத்தியை, கூட இருந்து பார்த்தவரால்தான் எழுத முடியும்.

அந்த அரைப் பக்கத்தில் ஒரு புகழ்ச்சி வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். என்ன நடந்தது என்பது மட்டும்தான். அது எப்படிப்பட்ட வேலை என்று சொல்வது மேனேஜரின் பாடு. இந்தக் கோட்டைத் தாண்டினால், நம்மூரில் சகஜமான "நீயே எழுதி எடுத்துட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" கதைதான். அதில் சாட்சியே இல்லை, விண்ணப்பித்தவரே இரண்டாவது முறை பேசுகிறார். இரண்டு மேனேஜர்களின் கடிதங்களிலும் ஒரே வாக்கிய நடை இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அப்படி ஒரு பதில் வந்தால், "குறிப்புகள் தருகிறேன் சார், பத்து நிமிடம் போனில் பேசலாமா?" என்று கேட்பதுதான் சரி.

"பெரியவங்ககிட்ட 'முடியாதுன்னா சொல்லிடுங்க'ன்னு எழுதறது மரியாதையா?" என்று சிலர் கேட்கக்கூடும். போனில் கேட்டால் முகதாட்சண்யத்துக்காக "சரிம்மா" என்பார்கள். அந்த "சரி"யிலிருந்து வருவது, "இவர் எங்களிடம் பணிபுரிந்தார், நடத்தை நன்று" என்ற மூன்று வரி. எழுத மனமில்லாதவரின் கடிதம், உறையில் போட்டு ஒட்டிய மறுப்பு. அதை விண்ணப்பதாரர் பார்க்கக்கூட முடியாது. நேராகச் சொல்லும் "முடியாது" அதைவிட எவ்வளவோ மேல், இன்னொருவரைக் கேட்க வழி இருக்கிறது.

ஆக, இரண்டாவது மெயிலில் பணிவு குறையவில்லை. "என்றும் மறக்க மாட்டேன்" போய், அந்த இடத்தில் தேதி வந்தது. தேடிப் பிடித்து ஞாபகப்படுத்தும் வேலையை மேனேஜரின் தலையிலிருந்து எடுத்து, கேட்டவர் தன் தலையில் வைத்துக்கொண்டார். மேனேஜரிடம் விட்டது அவர் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றை: பார்த்ததைச் சொல்வது.

சாட்சி சொல்ல வருபவரிடம் யாரும் காலில் விழுவதில்லை. எந்தத் தேதி, எந்த இடம், என்ன பார்த்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.