மாதச் சந்தா வருவாய்: முதலீட்டாளர்கள் கூடுதல் மதிப்பளிப்பது ஏன்?

பெருநகரங்களில் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியை விலைக்கு வாங்காமல் மாத வாடகைக்குப் பெறும் குடும்பங்கள் உண்டு. ஒரே நாளில் முழு விலையையும் பெறக்கூடிய நிறுவனங்கள், மாதந்தோறும் சில நூறு ரூபாய்க்குக் காத்திருப்பது ஏன் என்ற கேள்வி இயல்பானது.

ஒருமுறை விற்பனையை மட்டுமே நம்பும் நிறுவனம், ஒவ்வொரு மாதமும் புதிய வாடிக்கையாளரைத் தேடிப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். சந்தா நிறுவனத்துக்கோ, சென்ற மாதம் பணம் செலுத்தியோரில் பெரும்பாலோர் இம்மாதமும் செலுத்துவர். வருவாயை முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடிவதால்தான் முதலீட்டாளர்கள் அதற்குக் கூடுதல் மதிப்பளிக்கின்றனர்.

ஆனால் அந்த மதிப்பு முழுவதும் ஓர் எண்ணைச் சார்ந்திருக்கிறது. மாதந்தோறும் 100 பேரில் எத்தனை பேர் விலகுகின்றனர் என்பதே அது.

எடுத்துக்காட்டாக, கருவியைத் தயாரித்துப் பொருத்த 7,000 ரூபாய் செலவாவதாகக் கொள்வோம். அதை 12,000 ரூபாய்க்கு விற்றால் அன்றே 5,000 ரூபாய் மிஞ்சும். மாத வாடகை 400 ரூபாய் எனில், செலவிட்ட தொகை 18-ஆவது மாதத்தில்தான் திரும்பும். மாதம் 3 சதவீதத்தினர் விலகினால், ஒரு வாடிக்கையாளர் சராசரியாக 33 மாதங்கள் நீடிப்பார்; அவரிடமிருந்து சுமார் 13,300 ரூபாய் கிடைக்கும். விலகுவோர் 6 சதவீதமானால் 17 மாதங்களுக்குள் சராசரி முடிந்துவிடும். கிடைக்கும் சுமார் 6,700 ரூபாய் கருவியின் செலவுக்கே போதாது. வடிகட்டி மாற்றும் செலவு இதில் சேரவில்லை. திரும்பி வரும் கருவியை மீண்டும் வாடகைக்கு விடலாம் என்பது மட்டுமே ஆறுதல்.

விளம்பரத்தால் புதியவர்கள் வந்துகொண்டிருக்கும் வரை இந்த இழப்பு வெளியே தெரியாது. மொத்த எண்ணிக்கை உயர்ந்துகொண்டேயிருக்கும். ஜனவரியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் டிசம்பரில் எஞ்சியுள்ளனர் என்று தனியே எண்ணினால்தான் உண்மை புலப்படும்.

மறதியால் தொடர்ந்து பணம் செலுத்துவோரும் இந்த வருவாயில் அடக்கம். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதி அங்குதான் கை வைத்தது. அட்டை வழியே தானாகப் பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்குத் தகவல் செல்ல வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு அவரது கூடுதல் ஒப்புதலும் தேவை. இந்த வரம்பு 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

விலகும் வழியை மறைத்து வைத்து வாடிக்கையாளரைத் தக்கவைப்பதும் இனி எளிதல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுள் ‘சந்தாப் பொறி’யும் ஒன்று.