கல்லைப் பார்த்தது போதும், தண்டைப் பாருங்கள்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிள்ளையின் முதல் தோட்டுக்காக நகைக்கடைக்குள் போய் உட்கார்ந்ததும் நாம் கேட்கும் கேள்விகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எத்தனை கிராம்? இன்றைக்கு விலை என்ன? செய்கூலியில் எவ்வளவு குறைப்பீர்கள்? சிவப்புக் கல்லா, வெள்ளைக் கல்லா? பிள்ளையின் காதுக்குள் ஒன்றரை, இரண்டு மாதம் பச்சைப் புண்ணோடு கிடக்கப்போகும் அந்தத் தண்டு எந்த உலோகம் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? பால் புட்டி வாங்கும்போது அடியைத் திருப்பி என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற நாம், தோட்டை மட்டும் முகத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

916 என்ற முத்திரையைக் கண்டதும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பதுதான் அதன் பொருள். மீதி 84 பங்கு பெரும்பாலும் வெள்ளியும் செம்பும். அவற்றால் அநேகக் குழந்தைகளுக்குத் தொல்லை இல்லை. தங்கம் என்று சொல்லப்படாத பொருள்களிலும், நிறம் வெளுக்க நிக்கல் சேர்த்த சில வெள்ளைத் தங்கத்திலும்தான் ஆபத்து. முலாம் பூசிய ‘பேபி’ தோடு பார்க்கப் பொன்னாக மின்னும். வியர்வையிலும் உரசலிலும் முலாம் தேய்ந்ததும் அடியில் உள்ள உலோகம் நேரே புண்ணைத் தொடும். முன்பக்கம் தங்கமாகவும் தண்டு வேறு உலோகமாகவும் இருக்கிற தோடுகளும் உண்டு. அதனால் கடைக்காரரிடம் தண்டையும் பூட்டையும் தனியாகக் குறிப்பிட்டு, அவையும் 916தானா என்று கேளுங்கள். ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்க எதற்குக் கூச்சம்? காசு உங்களுடையது, காது உங்கள் பிள்ளையுடையது.

நிக்கலைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த ஒவ்வாமை ஒருமுறை உடம்பில் பதிந்துவிட்டால் பொதுவாக ஆயுள் முழுக்க விடாது. இன்று தோட்டில் தொடங்கியது நாளை கைக்கடிகாரத்திலும், கால்சட்டைப் பொத்தானிலும், தாலிக்கொடியின் கொக்கியிலும் அரிப்பாக வந்து நிற்கும். அது பதிவதற்கு மிக வசதியான வழிகளில் ஒன்று, புதிதாகக் குத்திய காது. டென்மார்க் 1990களின் தொடக்கத்திலேயே இதற்குச் சட்டம் போட்டது. அதன் பிறகு காது குத்திக்கொண்ட சிறுமிகளிடம் நிக்கல் ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அதே வழியில் போய், துளைக்குள் செல்லும் தண்டிலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்பதற்குத் தனியாக வரம்பு வைத்திருக்கிறது. சந்தேகப்படும் தோட்டை வீட்டிலேயே சோதிக்க ஒரு சிறு திரவம் விற்கிறார்கள். பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தண்டில் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறும். புது முலாம் இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்றதும் ஆஸ்பத்திரியில் வைப்பது என்று நம்பிவிடாதீர்கள். அந்த எஃகில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிக்கல் இருக்கிறது. நல்ல தரமானதில் கசிவு குறைவு என்றாலும், பிஞ்சுக் காதின் முதல் தோட்டுக்கு அந்தப் பரீட்சை வேண்டாம். வெள்ளியும் முதல் தோட்டுக்கு ஆகாது, புண்ணுக்குள் கிடந்து கறுக்கும். உடம்புக்குள் பொருத்துவதற்கென்று தயாராகும் டைட்டானியம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. அடுத்தது தண்டு வரை சுத்தமான 916.

இனி வடிவம். நம் வழக்கமான மரையுள்ள திருகாணித் தோடு ஆறிய காதுக்கு அருமையானது, எளிதில் கழன்று விழாது. அதே மரை பச்சைத் துளைக்குள் நுழையும்போது அரம் மாதிரி உள்சதையைச் சுரண்டும். முதல் தோட்டின் தண்டு வழவழப்பாக இருக்கட்டும், முனை மழுங்கி மூடியிருக்கட்டும். ஜிமிக்கி, தொங்கல், வளையம் எல்லாம் பிறகு. தாய்மாமன் வாங்கிவந்தது கல் வைத்த ஜிமிக்கி என்றால் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு பெட்டியில் வையுங்கள். மாமன் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் ஒரு வருடத்தில் ஆறிவிடும்.

எல்லாவற்றையும் விட நாம் கவனிக்காதது நீளம். கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நான்கு மாதக் குழந்தைக்குப் பேரங்காடிக் கடை ஒன்றில் துப்பாக்கியால் குத்தினார்கள். குட்டைத் தண்டு, பின்னால் பட்டாம்பூச்சிப் பூட்டு. விழுந்துவிடக் கூடாது என்று அதைச் சதையோடு அழுத்திவிட்டார்கள். குத்திய காது முதல் சில நாட்கள் வீங்கத்தான் செய்யும், வீங்க அங்கே இடமே இல்லை. தொட்டால் அழுகிறாள் என்று பெற்றவர்கள் கையே வைக்கவில்லை. ஆறாம் நாள் பாட்டிதான், “என்னம்மா, தோடு சின்னதாத் தெரியுது?” என்று கேட்டார். மணி பாதிக்கு மேல் சதைக்குள் புதைந்து, ஓரத்தில் தோல் மூடத் தொடங்கியிருந்தது. கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். துளையைத் தூரவிட்டு, சில மாதம் கழித்துத்தான் மறுபடி குத்த முடியும் என்றார்கள். வீக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் இவ்வளவும் இல்லை. குத்தியவுடன் கடையிலேயே பாருங்கள். மடலுக்கும் பூட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.

நல்ல நாள் பார்க்கிறீர்கள், நேரம் பார்க்கிறீர்கள். தடுப்பூசி அட்டையையும் சேர்த்துப் பாருங்கள். நம் நாட்டில் இரண்டு, மூன்று, ஐந்து மாதங்களில் போடும் ஊசியில் இசிவு நோய்க்கான தடுப்பும் இருக்கிறது. முதல் இரண்டு ஊசியாவது முடியட்டும். பத்துமலையில் மொட்டை போடும் அவசரத்தில் காதையும் சேர்த்துக் குத்துவதாக இருந்தால், ஊசி உறை பிரிக்காமல் வந்ததா, குத்துபவர் புதுக் கையுறை போட்டாரா என்று நின்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வேலை குறைவுதான், நாம்தான் கூட்டிக்கொள்கிறோம். மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டும், ஸ்பிரிட் புதுத் தோலை எரிக்கும். பார்மசியில் 0.9 சதவீத உப்புக் கரைசல் சிறு குப்பிகளில் கிடைக்கிறது. சோப்பு போட்டுக் கை கழுவி, காலையும் மாலையும் முன்னும் பின்னும் அதைச் சொட்டிப் பொருக்கை ஊறவிட்டு, சுத்தமான மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் நூல் தண்டில் சிக்கும். தோட்டைச் சுழற்றாதீர்கள். துளை ஒட்டிக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் சுழற்றும்போதெல்லாம் காய்ந்த பொருக்கு உள்ளே இழுபட்டுப் புண் மறுபடி திறக்கிறது. நம் ஊர் வெக்கையில் வியர்வையும் பவுடரும் காதின் பின்னால் களியாகச் சேரும், குளிப்பாட்டியதும் அங்கே ஈரம் போகத் துடையுங்கள். அப்போதே பூட்டு இருக்கிறதா, இறுகியிருக்கிறதா, தளர்ந்ததா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். தளர்ந்த பூட்டு பிள்ளையின் வாய்க்குத்தான் போகும். பூட்டைக் காணோம், குழந்தை திடீரென்று இருமுகிறது அல்லது மூச்சு இரைக்கிறது என்றால் தேடிக்கொண்டிருக்காமல் 999க்கு அழையுங்கள்.

முதல் சில நாள் லேசான சிவப்பும், காய்ந்து வெளுத்த பொருக்கும் சாதாரணம். சிவப்பு பரவி, மடல் சுட்டு, மஞ்சள் பச்சையாகச் சீழ் வந்தால் அது தொற்று. தோட்டை நீங்களே கழற்றாதீர்கள். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கும். அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். சீழ் இல்லாமல் அரிப்பும், நீர்க்கசிவும், செதிலும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் உலோகத்தைச் சந்தேகியுங்கள். தோட்டின் ரசீதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தண்டு என்ன உலோகம் என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.