லீனியர் ஃபேஸ் பக்தர்களுக்கு ஒரு குடத்தடி

போன பங்குனியில் கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில் அம்மன் கொடை. வில்லுப்பாட்டை நாங்கள் நாலு பேர் போய்ப் பதிவு செய்தோம். மைக் ரெண்டுதான் இருந்தது. ஒன்றைக் குடத்துக்குப் பக்கத்திலும், இன்னொன்றை வில்லுக்கும் புலவருக்கும் நடுவிலும் வைத்தோம். பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. மரமில்லாத பொட்டல் என்பதால் காற்று வேறு மைக்கில் "புஸ் புஸ்" என்று மோதியது.

மிக்ஸ் செய்தவன் என் வகுப்புத் தோழன். பேர் வேண்டாம், இதையும் படிப்பான் :-) ஒரு வாரம் கழித்துக் கேட்கக் கொடுத்தான். ஹம் சுத்தமாக இல்லை. ஆனால் புலவர் விருத்தம் முடித்து நிறுத்துகிற இடத்தில், குடத்தில் அடி விழுவதற்குச் சற்று முன்னால், யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல ஒரு "ம்ப்". ஒவ்வொரு அடிக்கும் அப்படியே. கேட்டால், "லீனியர் ஃபேஸ் ஈக்யூ போட்டிருக்கேன்டா, அதுல தப்பு வராது" என்றான். இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்குத்தான்.

அவன் செய்தது இது. ஜெனரேட்டர் ஹம் 50 ஹெர்ட்ஸில் இருந்தது. குடத்தின் அடித்தொனி சுமார் 105 ஹெர்ட்ஸ். நடுவில் 90 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ் வைத்து, ஆக்டேவுக்கு 48 டெசிபல் என்று செங்குத்தாக வெட்டிவிட்டான். ஹம் 40 டெசிபல் இறங்கிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எந்த ஃபில்டரும் செங்குத்தாக வெட்டினால், வெட்டுகிற இடத்தில் கொஞ்ச நேரம் மணி மாதிரி அதிரும். அதுதான் ரிங்கிங். மினிமம் ஃபேஸ் ஈக்யூவில் இந்த அதிர்வு முழுக்க அடிக்குப் பின்னால் வரும். பழைய அனலாக் மிக்ஸரின் ஈக்யூவும் அப்படித்தான், அதனால் வராத சத்தத்துக்கு முன்கூட்டி அதிர முடியாது. லீனியர் ஃபேஸில் எல்லா அலைவரிசையும் ஒரே அளவு தாமதமாக வரவேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. அதற்காக ஃபில்டரின் வடிவம் முன்னும் பின்னும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்க வேண்டும். ஆகவே அதிர்வில் பாதி அடிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. மென்பொருள் முழு சத்தத்தையும் தாமதப்படுத்தி வைத்துக்கொள்வதால்தான் இந்த மாயம் நடக்கிறது.

இது காதில் விழுமா என்பதைத் தீர்மானிப்பது நம் காதுதான். ஒரு பெரிய சத்தம் தனக்குப் பின்னால் வரும் சின்னச் சத்தங்களை 100, 200 மில்லி செகண்ட் வரைகூட மறைக்கும். தனக்கு முன்னால் வந்ததை மறைப்பதோ சில மில்லி செகண்ட்தான். 90 ஹெர்ட்ஸின் ஒரு சுற்றுக்கே 11 மில்லி செகண்ட் ஆகிறது. அவன் போட்ட செங்குத்துக்கு அதிர்வு மூன்று நாலு சுற்றாவது நிற்கும். அதாவது அடிக்கு 30, 40 மில்லி செகண்ட் முன்பே ஆரம்பித்துவிடும். காது மறைக்கிற எல்லைக்கு ரொம்ப வெளியே. பின்பக்க அதிர்வையோ குடத்தின் சொந்த முழக்கமே விழுங்கிவிடும்.

இதே கணக்கை 8 கிலோஹெர்ட்ஸில் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்று ஒரு மில்லி செகண்டில் எட்டில் ஒரு பங்கு. பத்துச் சுற்று முன்னால் அதிர்ந்தாலும் அடியின் நிழலுக்குள்ளேயே அடங்கிவிடும். வில்மணிக்கு மேலே லேசாகப் பளபளப்பு ஏற்ற லீனியர் போட்டாலும் மினிமம் போட்டாலும் ஒன்றுதான். கீழ் அலைவரிசை, செங்குத்தான வெட்டு, அமைதிக்குப் பிறகு திடீரென விழும் அடி: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வம்பு. உடுக்கையும் ஜால்ராவும் கோரஸும் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே "ம்ப்" எங்களுக்குக் கேட்கவில்லை. விருத்தம் முடிகிற அமைதியில்தான் மாட்டிக்கொண்டான்.

லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்று பின்னூட்டம் போடாதீர்கள். அதில் 90 ஹெர்ட்ஸே வராது.

நம்பாதவர்கள் ஆடாசிட்டியில் செய்து பார்க்கலாம். ஒரே ஒரு குடத்தடியை எடுத்து, முன்னும் பின்னும் அரை செகண்ட் அமைதி விடுங்கள். `High-Pass Filter` 90 ஹெர்ட்ஸ், 48 டெசிபல். பிறகு `Reverse`. மறுபடி அதே ஃபில்டர். மறுபடி `Reverse`. முன்னாலும் பின்னாலும் ஒருமுறை ஓட்டியதால் ஃபேஸ் மாற்றங்கள் ஒன்றையொன்று அடித்துவிடும், ஃபில்டரின் வடிவம் சமச்சீராகும். வெட்டு ரெண்டு மடங்கு செங்குத்தாவதால் விளைவு கொஞ்சம் மிகையாகத் தெரியும். காது பழக அதுவே நல்லது. அடிக்கு முன்னால் பெரிதாக்கிப் பார்த்தால் நெளிகிற வாலைக் கண்ணாலேயே காணலாம். இப்போது முழுத் துண்டையும் இன்னொருமுறை திருப்பிப் போட்டுக் கேளுங்கள். குடத்தின் நீண்ட முழக்கம் முன்னால் வந்துவிடுவதால் அதே "ம்ப்" காணாமல் போகும்!

லீனியர் பக்தர்களின் அடுத்த வாதம், "மினிமம் ஃபேஸ் ஒலியின் ஃபேஸைக் கெடுக்கும்" என்பது. யாருடைய ஃபேஸை? கார்டியாய்டு மைக்கை வாயோடு ஒட்டிப் பாடினால் கீழ் அலைவரிசை ஊதிப் பெருக்கும். அந்த ஊதலே மினிமம் ஃபேஸ் தன்மையுள்ளது. அதற்கு நேரெதிரான மினிமம் ஃபேஸ் வெட்டு போட்டால் அளவும் சரியாகும், அதோடு வந்த ஃபேஸ் மாற்றமும் திரும்பிவிடும். லீனியர் அளவை மட்டும் குறைத்துவிட்டு, கோணலான ஃபேஸை அப்படியே விட்டுவிடும். எது கெடுக்கிறது?

ஆனால் அவர்கள் பக்கம் ஒரு இடத்தில் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் திருத்தியபோது குடத்து மைக்குக்கு மட்டும் மினிமம் ஃபேஸில் 75 ஹெர்ட்ஸ், 24 டெசிபல் ஹை-பாஸ் வைத்தோம். "ம்ப்" போனது, குடமும் சேர்ந்து மெலிந்துபோனது. காரணம், வில் மைக்கிலும் குடச்சத்தம் கசிந்திருந்தது. இந்த ஃபில்டர் 105 ஹெர்ட்ஸில் சுமார் 120 டிகிரி ஃபேஸைத் திருப்பும். திரும்பியதும் திரும்பாததும் சேரும்போது கூடவேண்டியது கூடவில்லை. ஒரு மைக்கை மட்டும் வெட்டவேண்டிய கட்டாயம் இருந்தால் அங்கே சாய்வு குறைந்த லீனியர் ஃபேஸ்தான் சரி. பச்சைத் தடத்தோடு ஈக்யூ போட்ட நகலைக் கலக்கும்போதும் அதேதான்.

எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரெண்டு மைக்குக்கும் ஒரே ஃபில்டரைப் போட்டோம். ரெண்டும் ஒரே அளவு திரும்பியதால் குடம் திரும்பி வந்தது. 75-ல் வைத்த ஹை-பாஸ் ஹம்மை 14 டெசிபல்தான் குறைத்தது. மீதிக்கு 50 ஹெர்ட்ஸில் ஒரு ஒடுக்கமான மினிமம் ஃபேஸ் வெட்டு, அதுவும் ரெண்டுக்கும் சேர்த்து. காற்றின் "புஸ்" மட்டும் எந்த ஈக்யூவுக்கும் அடங்கவில்லை. அடுத்த கொடைக்கு மைக்குக்கு நுரை உறை வாங்க ஆளுக்கு நூறு ரூபாய் போடுவதாகப் பேச்சு. தோழன் இன்னும் தரவில்லை.