வெள்ளம் வருமுன் ஐந்து நிமிடம்



2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளை, சென்னையில் அடையாற்றங்கரையில் வாழ்ந்தோர் மறக்கமாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. இரவோடு இரவாக வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. மின்சாரம் நின்றது, பல இடங்களில் கைப்பேசிகளும் ஊமையாயின. வெள்ளம் வடிந்தபின், சான்றிதழ்களை இழந்தோருக்கு மாற்று ஆவணம் வழங்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியதாயிற்று.

அப்படிப்பட்ட இரவில் எந்த வீடியோப் படமும் பயன்படாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில் ஒரு ஞாயிறன்று, பங்கு மண்டபத்தில் அதைக் காட்டிவிட வேண்டும். நம் இளைஞர்கள் தாமே எடுக்கத்தக்க ஐந்து நிமிடப் படத்திற்கான எழுத்து வடிவத்தை இம்மாதம் தருகிறோம். பாட்டி, தந்தை, தாய், பள்ளிச் சிறுவன், கைக்குழந்தை ஆகிய ஐவர் கொண்ட வீடு நம் களம். பாட்டிக்கு நீரிழிவு உண்டு.

முதற்காட்சி: உணவு மேசை. தாய் தாளில் எழுதுகிறாள்.

குரல்: “இன்று வானம் தெளிவாக இருக்கிறது. ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்திற்கு 1077. இவற்றுடன் உறவினர் இருவரின் எண்களையும் எழுதுவோம். கைப்பேசி அணைந்தாலும் தாள் பேசும்.”

இரண்டாம் காட்சி: கட்டிலின்மேல் திறந்த பை. ஒவ்வொரு பொருளும் உள்ளே போகும்போது, திரையின் ஓரத்தில் அதன் பெயர் பெரிய எழுத்தில் தோன்றி, பக்கத்தில் சரிக்குறி விழும். ஒரே நேரத்தில் ஐந்து பெயர்களுக்கு மேல் வேண்டாம். பார்ப்போர் எழுதிக்கொள்ளப் பத்து வினாடி நிறுத்துங்கள்.

முதற்பட்டியல்:
✓ குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், சான்றிதழ்கள்: தடித்த பிளாஸ்டிக் உறையில், வாய் மடித்துக் கட்டி
✓ ஏழு நாள் மருந்து, மருத்துவர் சீட்டின் நகல்
✓ டார்ச் விளக்கு, தனியே மின்கலங்கள்
✓ சில்லறை நோட்டுகள்
✓ எண்கள் எழுதிய தாள்

இரண்டாம் பட்டியல்:
✓ அவல், பொட்டுக்கடலை, வெல்லம்
✓ குழந்தைக்குரிய உணவு, துணிகள்
✓ ஆளுக்கு ஒரு மாற்றுடை
✓ ஊதல்
✓ குடிநீர்

பாட்டியின் இன்சுலினை வாயகன்ற குடுவையில் வையுங்கள். பனிக்கட்டி நேரே படக்கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது. குளிர்பெட்டியில் இருப்பதைக் கடைசி நேரத்தில்தான் எடுக்க முடியும். ஆகவே “இன்சுலின்” என்று எழுதிய சீட்டைப் பையின் வாயில் குத்திவையுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது குடிநீரில்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்றால் ஐவருக்கு 15 லிட்டர். எடையோ 15 கிலோ! வெள்ளம் வரும் நேரத்தில் தந்தை வேலைக்குப் போயிருக்கலாம். தாயின் ஒரு கையில் குழந்தை இருக்கும். மறுகை பாட்டியைப் பிடித்திருக்கும். எனவே பை தோளில் மாட்டக்கூடியதாகவும், தாய் ஒருத்தியே சுமக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும். நடப்பவர் ஒவ்வொருவரும் ஒரு லிட்டர் புட்டி எடுத்துக்கொள்ளட்டும். மிஞ்சிய நீர் மூடிய பாத்திரங்களில் வீட்டின் உயரமான இடத்தில் இருக்கட்டும். படத்தில் தாய் பையை மாட்டிக்கொண்டு, குழந்தையோடு தெருமுனைவரை நடந்து காட்டவேண்டும். மூச்சு வாங்கினால், பையிலிருந்து துணிகள் வெளியே வரட்டும். மருந்தும் ஆவணமும் வரக்கூடாது.

மூன்றாம் காட்சி: வாசற்படி.

குரல்: “வெளியேறச் சொன்னால், நீர் வருமுன் வெளியேறுவோம். கியாஸ் உருளையை மூடுவோம். மின் இணைப்பின் முதன்மைச் சுவிட்சை அணைப்போம். தரையில் நீர் வந்துவிட்டால் சுவிட்சைத் தொடமாட்டோம். ஓடும் நீரில் இறங்கமாட்டோம்.”

ஓடும் நீர் முழங்காலளவே இருந்தாலும், வளர்ந்த மனிதரையே வீழ்த்திவிடும். கலங்கிய நீருக்கடியில் திறந்த சாக்கடை இருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. வெளியேறும் நேரம் தவறிப்போய்விட்டால், மேல்மாடிக்குச் சென்று ஊதலை ஊதுவதே வழி.

குரல் கொடுப்பவருக்கு ஒரு சொல். நிமிடத்திற்கு 80 சொற்களுக்கு மேல் பேசவேண்டாம். இடியோசையும் அழுகுரலும் சேர்க்கவேண்டாம். “பயப்படாதீர்கள்” என்பதையும் விட்டுவிடுங்கள். அச்சொல்லே பயத்தை நினைவூட்டும். அடுத்துச் செய்யவேண்டியதை மட்டும் சொல்லுங்கள். கைக்கு வேலை கிடைத்தால் நெஞ்சு தானே அமைதியடையும்.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரே கேள்வி கேளுங்கள்: “பகல் பதினொரு மணிக்கு உங்கள் வீட்டில் யார் யார் இருப்பார்கள்?” அவர்களை வைத்தே அந்த வீட்டுப் பை கட்டப்படட்டும்.