0.62 வராவிட்டால் என்ன குற்றம்?

ஹைட்ராலிக்ஸ் லேபில் உங்களுக்கு Cd எவ்வளவு வந்தது? 0.62 தானே? எனக்கும் அதேதான். என் பேட்ச் முழுவதற்கும் அதேதான். எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் விடையை எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஸ்டாப் வாட்ச் நேரத்தை நிரப்பினோம். வைவாவில் ஒரு கேள்வியும் இல்லை. ரெக்கார்டில் கையெழுத்தும் கிடைத்துவிட்டது :-)

அப்புறம் மினி ப்ராஜெக்டுக்காக செட்டியார்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நானே ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி செய்தேன். அதில் 0.62 வரவே இல்லை. அது ஏன் என்று தேடிப் போனதில் கற்றுக்கொண்டது, ரெக்கார்டு நோட்டில் கற்றதைவிட அதிகம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மாதிரி ரொம்ப எளிமையானது. 8 அடி அக்ரிலிக் ஷீட்டை அறுத்து ஒட்டிய பெட்டி, உள் அகலம் 10 செ.மீ., உயரம் 15 செ.மீ. கடைசியில் 6 செ.மீ. உயரத்துக்கு ஒரு அலுமினியத் தகடு, மேல் விளிம்பு கூராக அரம் போட்டது. இதுதான் வியர். நம் ஊர் கண்மாய்க் கலுங்கின் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டைத் தாண்டி விழும் தண்ணீர் 200 லிட்டர் டிரம்மில் சேரும், மோட்டார் அதையே திரும்ப ஏற்றும். தண்ணீர் நுழையும் இடத்தில் கொந்தளிப்பு அடங்க ஒரு கட்டு ஸ்ட்ராவை அடுக்கி வைத்தேன்.

சரிபார்க்க வேண்டிய சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

Q = (2/3) Cd √(2g) b H^(3/2)

b தகட்டின் அகலம். H என்பது தகட்டின் விளிம்புக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம். ஆனால் H-ஐத் தகட்டின் மேலேயே அளக்கக் கூடாது. விழப்போகும் தண்ணீர் அங்கே ஏற்கெனவே சரியத் தொடங்கிவிடும். H-ஐப் போல மூன்று நான்கு மடங்கு தூரம் பின்னால் தள்ளி அளக்க வேண்டும். நான் 12 செ.மீ. பின்னால் ஒரு ஊசிமுனை அளவுகோலை வைத்தேன்.

இன்னொன்று, சூத்திரத்தைச் சரிபார்க்க அந்தச் சூத்திரம் கலக்காத ஓர் அளவு கையில் வேண்டும். எனக்கு அது பெயிண்ட் வாளி. கடைத் தராசில் 20 கிலோ தண்ணீர் நிறுத்து ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போட்டேன். விழும் தண்ணீரில் வாளியை நீட்டி மூன்று முறை நேரம் எடுத்தேன்: 20.2, 20.4, 20.6 விநாடி. ஆக விநாடிக்கு 0.98 லிட்டர். ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் 1852-இல் அமெரிக்காவின் லோவெல் நகரில் செய்ததும் இதையேதான். அவருடைய வாளி மட்டும் கொஞ்சம் பெரிது... கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் ஒரு முழு லாக் அறை!

இனிதான் கூத்து. மோட்டாரை நிறுத்தினேன். தகட்டைத் தாண்டி ஒழுகுவது நின்றதும் அந்த மட்டத்தைச் சைபர் என்று குறித்துக்கொண்டேன். மறுபடி ஓடவிட்டால் H = 28 மி.மீ. வாளி சொன்ன 0.98-ஐ வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் Cd = 0.71!

லேபாக இருந்தால் இந்த இடத்தில் கை தானாக ரப்பரைத் தேடும். மாடியில் தனியாக இருந்ததால் அழிக்கவில்லை. எது பொய் சொல்கிறது, வாளியா ஊசியா? வாளியில் 0.2 விநாடி தவறினால் 1 சதவீதம்தான் மாறும். H-இல் வெறும் 2 மி.மீ. தவறினால், 3/2 அடுக்கு இருப்பதால், 10 சதவீதம் வரை போய்விடும். ஆக சந்தேகம் ஊசி மேல்.

குனிந்து பக்கவாட்டில் பார்த்தபோது புரிந்தது. ஒழுகுவது நின்ற பிறகும் தண்ணீர் விளிம்புக்கு மேலே மெலிதாக உப்பி நிற்கிறது. பரப்பு இழுவிசை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நிரம்பிய டம்ளரில் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் நிற்குமே, அதே சங்கதி. நான் சைபர் என்று குறித்தது உண்மையான விளிம்பைவிட 2 மி.மீ. மேலே. தண்ணீரை வடித்துவிட்டு, தகட்டின் மேல் ஒரு நேரான சட்டத்தை ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்தி, அதன் அடிப்பக்கத்தை ஊசி தொடும் இடத்தைச் சைபர் ஆக்கினேன். இப்போது H = 30 மி.மீ. Cd = 0.64.

"அப்படியும் 0.62 வரலையேடா" என்றான் நண்பன். வரக் கூடாது, அதுதான் விஷயம். வாய்க்காலின் முழு அகலத்துக்கும் உள்ள தகட்டுக்கு ரெபோக் சொன்ன கணக்கு Cd = 0.611 + 0.075 H/P. P என்பது தகட்டின் உயரம். என் மாதிரியில் H/P பாதி, ஆகவே Cd 0.65 வர வேண்டும். அதன்படி விநாடிக்கு 1.00 லிட்டர், வாளி சொல்வது 0.98. ஊசியில் அரை மி.மீ. தவறுக்கே 2.5 சதவீதம் போய்விடும் என்பதால், இதற்கு மேல் நெருக்கம் கேட்க எனக்கு உரிமை இல்லை. 0.62-க்குப் பக்கத்தில் வர வேண்டுமானால் H-ஐவிட P பல மடங்கு உயரமாக இருக்க வேண்டும். குட்டைத் தகட்டை வைத்துக்கொண்டு 0.62 என்று எழுதினால், அது அழகாக எழுதிய தப்பு.

வேகத்தையும் அளந்தேன். சின்ன மெழுகுத் துண்டைப் போட்டால் 1 மீட்டர் தூரம் கடக்க 7.8 விநாடி ஆனது, அதாவது விநாடிக்கு 12.8 செ.மீ. ஆழம் 9 செ.மீ., அகலம் 10 செ.மீ. பெருக்கினால் விநாடிக்கு 1.15 லிட்டர். வாளியைவிட 17 சதவீதத்துக்கு மேல் கூடுதல்! மெழுகு மேல்மட்டத்தில் நட்டநடுவில் மிதக்கிறது. தரையிலும் சுவரிலும் உரசிப் போகும் தண்ணீர் மெதுவாகத்தான் போகும், அதை மெழுகு பார்ப்பதே இல்லை. 0.98-ஐ 1.15-ஆல் வகுத்தால் 0.85. மிதவை வேகத்தை 0.85-ஆல் பெருக்கு என்று புத்தகத்தில் ஒரு வரி வருமே, அது எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரே ஒரு ஓட்டத்தில் அச்சாக அதே எண் வந்தது என் அதிர்ஷ்டமும்கூட. அகலமும் ஆழமும் மாறினால் அதுவும் மாறும்.

இதில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாயும்போது யாராலும் வாளி நீட்ட முடியாது. அங்கே மிதவையும் சூத்திரமும் மட்டும்தான். கலுங்கு அகலமான கல் கட்டு, அதற்குக் கூர்விளிம்புத் தகட்டின் Cd பொருந்தாது. அதன் மேல் 20 செ.மீ. தண்ணீர் போகும்போது 2 செ.மீ. தப்பாகப் பார்த்தால் 15 சதவீதம் பிசகும். கலுங்கு எவ்வளவு தாங்கும், கரை எவ்வளவு உயரம் வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. எந்த அளவு எத்தனை சதவீதம் பொய் சொல்லும் என்று தெரியாதவன் போட்ட கணக்கை நம்பிக் கரைக்குக் கீழே வயலும் வீடும் இருக்கும். அந்தக் கணக்கைப் போடப்போவது வேறு யாருமில்லை, 0.62 எழுதிப் பாஸான நாம்தான்.

ஆகவே என் கட்சி இது. 0.62 வந்த ரெக்கார்டுக்கு மார்க் போட வேண்டாம். 0.71 வந்தால் 0.71 என்றே எழுதி, அது ஏன் வந்தது என்று அரைப் பக்கம் எழுதியவனுக்குப் போடுங்கள். என் பழைய ரெக்கார்டில் அந்த 0.62 இன்னும் கையெழுத்தோடு பத்திரமாக இருக்கிறது. அந்த லேபில் இருந்த தகட்டின் உயரம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் அளக்கவே இல்லை.