இறால் தராத இறால் ஒவ்வாமை

பால், முட்டை ஒவ்வாமை கைக்குழந்தைப் பருவத்தில் தலைகாட்டி, பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரத் தணிந்துவிடும். இறால், நண்டு விஷயம் நேர்மாறானது. 2004இல் வெளியான அமெரிக்கத் தொலைபேசிக் கணக்கெடுப்பில் ஓட்டுடலி உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றவர்கள் பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேர். குழந்தைகளில் அரைப் பேர்தான். வந்தபின் அது எளிதில் விடுவதும் இல்லை. இருபது முப்பது ஆண்டுகள் இறால் தொக்கு சாப்பிட்டவருக்கு ஒருநாள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைக்கிறது. பழி உடனே அன்றைக்கு வாங்கிய இறால் மேல் விழும். ஐஸில் கிடந்த பழைய சரக்கு, முதுகு நரம்பைச் சரியாக எடுக்கவில்லை, அரைவேக்காடு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கெட்ட இறால் வயிற்றைக் கெடுக்கும்தான். அதைப் பதப்படுத்தப் போடும் சல்பைட் உப்பு சில ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிரைப்பை வரவழைக்கும் என்பதும் உண்மை. ஆனால் புத்தம் புது இறாலிலும் அதேபோலத் தடித்தால் அந்தக் காரணங்கள் நிற்காது. அந்த ஒவ்வாமை அன்று பிறந்ததல்ல என்பது என் கட்சி. பல பேருக்கு அது இறாலிலிருந்தே பிறந்திருக்காது.

குற்றவாளி யாரென்று தெரிந்ததில் நம் கடற்கரை இறாலுக்கும் பங்கு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. வி. சுப்பா ராவின் குழு, சந்தையில் வெள்ளை இறால் என்று விற்கும் பீனியஸ் இண்டிகஸ் வகையை எடுத்து, வேகவைத்த பிறகும் ஒவ்வாமை கிளப்பும் புரதம் எது என்று தேடியது. 1993இல் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை ட்ரோபோமயோசின் என்று அடையாளம் காட்டியது. அது நஞ்சோ அழுக்கோ இல்லை. தசை சுருங்கி விரிவதை நெறிப்படுத்தும் சாதாரணப் புரதம். ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட இரண்டு இழைகள், இழைக்கு 284 அமினோ அமிலங்கள். நாம் தின்னும் சதை முழுவதும் இருப்பதால், முதுகு நரம்பை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். வேகவைப்பதும் உதவாது. சூட்டில் முறுக்கு அவிழ்ந்தாலும் ஆறும்போது மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஒவ்வாமையை நடத்தும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் பற்றிக்கொள்வதும் பெரும்பாலும் இழையில் வரிசையாக அமைந்த துண்டுகளைத்தான். வடிவம் குலைந்தாலும் அந்த வரிசை குலைவதில்லை. போதாக்குறைக்கு இது நீரில் கரையும். நண்டை விலக்கி ரசத்தை மட்டும் ஊற்றிக்கொள்பவர் புரதத்தை விலக்கியதாகாது.

இந்தப் புரதம் இறாலின் தனிச்சொத்தும் இல்லை. தசையுள்ள விலங்கு எதிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. தசைக்கு அவ்வளவு அடிப்படையானது என்பதால் பரிணாமம் இதை அதிகம் மாற்றவில்லை. இறாலின் வரிசையையும் நண்டின் வரிசையையும் அருகருகே வைத்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒத்துப்போகும். இரண்டையும் எதிர்ப்பொருள் பிரித்தறிய வழி குறைவு. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு நண்டும் சிங்கி இறாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாமல் போவது அதனால்தான். கடலை விட்டு வெளியே வந்தால்தான் வியப்பு. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணி, அடுக்களைக் கரப்பான் பூச்சி ஆகியவற்றின் ட்ரோபோமயோசினும் இறாலுடையதோடு நூற்றுக்கு எண்பது அளவுக்கு ஒத்திருக்கிறது. இவற்றை யாரும் தின்பதில்லை. ஆனால் இவற்றின் கழிவையும் உடல் துகள்களையும் ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கிறோம்.

சுவாசித்தே இறாலுக்கு எதிர்ப்பொருள் உண்டாகுமா? இதைச் சோதிக்க, இறாலைத் தொட்டே பார்க்காத மனிதர்கள் வேண்டும். யூத மதச் சட்டம் ஓட்டுடலிகளை விலக்குவதால் ஆச்சாரமான யூதர்கள் பிறந்ததிலிருந்து அவற்றைச் சாப்பிடுவதில்லை. 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களில் சிற்றுண்ணி ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தது. சிலருடைய ரத்தத்தில் இறால் ட்ரோபோமயோசினைப் பற்றும் ஐஜிஇ இருந்தது. அதே ரத்தத்தில் சிற்றுண்ணி அல்லது கரப்பான் சாற்றை முன்கூட்டியே கலந்தபோது, இறாலைப் பற்றுவது அடங்கிப்போனது. எதிர்ப்பொருளை உருவாக்கியது வீட்டுத் தூசிதான், இறால் அது சென்று ஒட்டிய இடம் மட்டுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சுவாசத்தில் பழகும் பழக்கம் ஆண்டுக்கணக்கில் சேர்வது. இந்த ஒவ்வாமை குழந்தையைவிடப் பெரியவரை அதிகம் பிடிப்பதற்கு அது நல்ல விளக்கம். ஒரே விளக்கம் என்று சொல்ல மாட்டேன். இறால், நண்டு பதப்படுத்தும் ஆலைகளில் கொதிக்கும் ஆவியைச் சுவாசித்தே ஆஸ்துமா வந்த தொழிலாளர்கள் உண்டு. தின்று தின்றே வந்தவர்களும் உண்டு.

அப்படியானால் தூசியில் வாழும் நாம் எல்லோரும் இறால் தின்று விழ வேண்டுமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எதிர்ப்பொருள் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு என்பதுதான் பதில். கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஏதோ ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். உண்மையில் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் எனக் கருதப்பட்டவர்கள் 1.2 பேர்தான். எதிர்ப்பொருளைச் சுமந்துகொண்டு இறாலை நிம்மதியாகச் சாப்பிடுபவர்களே அதிகம். அவர்களில் சிலருக்கு ஐஜிஇயின் அளவோ அது பற்றும் இறுக்கமோ காலப்போக்கில் கூடி, எல்லையருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த நிலையில் ஒரு சிறு தூண்டுதல் போதும். முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கடைப்பும் தும்மலும் அவருக்குப் பல வருடத் துணை. மதியம் இறால் வறுவல், தலைவலிக்கு ஒரு ஆஸ்பிரின், அரைமணியில் பூப்பந்து ஆட்டம். உடற்பயிற்சி, மது, ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகள், காய்ச்சல் ஆகியவை எதிர்வினைக்கான வாசலைத் தாழ்த்துவது தெரிந்ததே. ஆட்டத்தின் நடுவே அவருக்கு உடம்பு தடிக்கும். இரவில் அதே வறுவலைத் தின்றுவிட்டுத் தூங்கியிருந்தால் ஒன்றும் தெரியாமல் போயிருக்கக்கூடும். அன்றைய இறாலைக் குறை சொல்பவர் பத்து வருடத் தும்மலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கணவாய் பற்றிய மறுப்பு இன்னும் கூர்மையானது. அது சிப்பி, நத்தை இனம். இறாலுக்கு மிகத் தூரத்து உறவுதான். கணவாயின் ஒவ்வாமைப் புரதமும் ட்ரோபோமயோசின்தான் என்று 1996இலேயே ஜப்பானில் காட்டினார்கள். ஆனால் இறாலோடு அதன் ஒற்றுமை நூற்றுக்கு அறுபதை ஒட்டித்தான். அப்படியிருந்தும் இறால் ஆகாத சிலருக்குக் கணவாயும் ஆகாது. கோழியின் ட்ரோபோமயோசினும் இறாலுடையதோடு பாதிக்குமேல் ஒத்திருக்கிறதே, கோழி ஏன் தொந்தரவு தருவதில்லை? மொத்தச் சதவீதம் ஏமாற்றும் என்பேன். எதிர்ப்பொருள் முழு இழையையும் படிப்பதில்லை. சில துண்டுகளை மட்டுமே பற்றுகிறது. அந்தத் துண்டுகளில் சில கணவாயிலும் ஒத்திருந்தால் பற்றிக்கொள்ளும். கோழியின் புரதம் நம் புரதத்துக்கு மிக நெருக்கமானது. தன்னுடையதைப் போன்றதை உடல் பொதுவாகத் தாக்காது. எந்தத் துண்டைப் பற்றுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால், இறாலும் நண்டும் ஆகாத சிலர் கணவாயைத் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். சிலருக்கு மூன்றுமே ஆகாது. ரத்தச் சோதனையில் கணவாய்க்கு ஐஜிஇ காட்டினாலே அதை விலக்கச் சொல்வது அவசரம். சோதனை ஒன்றும் காட்டவில்லை என்று வீட்டில் தின்று பார்ப்பது அதைவிட ஆபத்து. ஆர்ஜினின் கைனேஸ் போன்ற வேறு இறால் புரதங்களாலும் சிலருக்கு வருகிறது. சந்தேகம் தீர, அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும் மருத்துவமனையில் சிறு துணுக்கிலிருந்து படிப்படியாகக் கொடுத்துப் பார்ப்பதே வழி.

மீனையும் சேர்த்து விலக்குவோர் உண்டு; எல்லாம் கடல் அயோடினால் வருவது என்ற நம்பிக்கை அதற்குக் காரணம். அயோடினுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மீன் ஒவ்வாமையைத் தருவது பெரும்பாலும் பார்வால்புமின் என்ற வேறு புரதம். இறால் ஆகாதவர் வஞ்சிரமும் நெத்திலியும் பொதுவாகச் சாப்பிடலாம்; கடையில் கேட்க வேண்டியது, இறால் பொரித்த அதே எண்ணெயில்தான் அதையும் பொரிக்கிறார்களா என்பது.