எக்ஸ்சேஞ்சில் போன சாட்சி

"பழைய போனைக் கொடுங்க சார், எல்லாம் புதுசுல வந்துடும்" என்று சொல்லும் கடைக்காரர்கள் மீது எனக்குக் கோபம். அதைவிட அதிகக் கோபம் என் மீது.

என் தங்கை மகளுக்கு அலுவலகத்தில் மேலதிகாரி இரவு பதினொரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் அசிங்கமாக எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு மாதம் பொறுத்துவிட்டு என்னிடம் சொன்னாள். போனின் திரையும் உடைந்திருந்தது. "அந்தப் பீடையைத் தள்ளிவிட்டு வேறு வாங்கு" என்று கடைக்கு அழைத்துப் போனவன் நான்தான். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கழித்தார்கள். எங்கள் கண் முன்னாலேயே பழையதை ரீசெட் செய்தார்கள்.

வீட்டில் புதுப் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தால், நான்கு மாதத்துக்கு முந்தைய காப்புதான் வந்தது. வைஃபை இருந்தால் மட்டும் காப்பெடு என்று அதில் அமைத்திருந்தது. அவள் விடுதியில் வைஃபை கிடையாது. அவன் எழுதியவற்றில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

"புகார் கொடுக்கலாம், மாமா. ஆனா மெசேஜ் எங்கேன்னு கேட்டா?" என்றாள். வாய்மொழியும் சாட்சியம்தான். ஆனால் அவன் இல்லையென்று சாதிப்பான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் உள்குழுவிடம் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் தரலாம். அந்த நாட்களும் ஓடிக்கொண்டிருந்தன.

ஆகவே பெரியவர்களே, "அழித்துவிடு, மறந்துவிடு" என்று இனிப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். போன் மாற்றுவதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து இதைச் செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் Settings, Chats, Chat backup என்று போய், கடைசிக் காப்பின் தேதியைப் பாருங்கள். பழையதாக இருந்தால் Back up அழுத்தி, முடியும்வரை காத்திருங்கள். அடுத்து அந்த உரையாடலைத் திறந்து Export chat மூலம் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அந்தக் கோப்பில் நாம் சேமித்த பெயர்தான் வரும். அதனால் அவனுடைய எண் தெரியும் பக்கத்தையும், தேதி தெரியும்படி செய்திகளையும் படமெடுத்து வையுங்கள். சாதாரண எஸ்.எம்.எஸ். வாட்ஸ்அப் காப்பில் சேராது. அதைத் தனியாகப் படமெடுக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பழைய போனைக் கொடுக்காதீர்கள். ஏற்றுமதி செய்த கோப்பு வெறும் எழுத்து. யாரும் திருத்தியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு நகலுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும். கருவி கையில் இருந்தால் அந்தப் பேச்சுக்கு பலம்.

ரீசெட் செய்யாமல், அணைத்து, பீரோவில் வையுங்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போனால் போகட்டும். எங்கள் வீட்டில் அந்தப் பணம் வந்தது. சாட்சி போய்விட்டது.